உசியாவின் கையில் இருந்த தூபகலசம்: தலைவர்களுக்கான பிரசங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதகர்கள், சபை மூப்பர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள் கூடும் தியானக் கூட்டங்களில் 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரத்தை வைத்துப் பல வருடமாகப் பேசிவருகிறேன். யூதாவின் ராஜாவான உசியா, ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபங்காட்டும் ஊழியத்தைத் தானே செய்ய ஆலயத்துக்குள் போய், தடுத்தவர்கள்மேல் கோபப்பட்டு, குஷ்டம் கண்ட கதை அந்த அதிகாரத்தில் இருக்கிறது. எப்போதும் பாராட்டு கேட்கிற, யாரும் திருத்தாத மனிதர்களுக்கான செய்தி அது. கூட்டம் முடிந்ததும் தேநீர் வேளையில் கேட்கிற கேள்விகளும், இதே பகுதியைப் பிரசங்கிக்கப் போகிற இளம் ஆயர்கள் போனில் கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெருமை என்றால் நேபுகாத்நேச்சார், ஏரோது என்று எத்தனையோ பேர் இருக்கிறார்களே, ஏன் உசியா?

நேபுகாத்நேச்சாரைப் பற்றிப் பேசினால் கேட்கிற தலைவர் தப்பித்துவிடுவார். "நான் அப்படியெல்லாம் மொட்டைமாடியில் நின்று இது நான் கட்டின மகா பாபிலோன் என்று சொன்னதில்லையே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார். உசியா அப்படித் தப்பிக்க விடமாட்டார், ஏனென்றால் அவர் நல்லவர்.

16 வயதில் அரியணை ஏறி 52 வருடம் எருசலேமில் அரசாண்டவர். தேவனைத் தேடினார், காரியங்கள் வாய்த்தன. பெலிஸ்தரின் பட்டணங்களான காத், யப்னே, அஸ்தோத் ஆகியவற்றின் மதில்களை இடித்தார், ஏலோத் துறைமுகத்தைத் திரும்ப யூதாவோடு சேர்த்தார். 2,600 தலைவர்களின் கீழ் 3,07,500 பேர் கொண்ட சேனை இருந்தது. இதெல்லாம் யுத்தக் கணக்கு. எனக்குப் பிடித்த வரி வேறு. வனாந்தரத்தில் கோபுரங்கள் கட்டி, ஆடுமாடுகளுக்காக நிறைய துரவுகளை வெட்டினார் என்று சொல்லிவிட்டு, அவர் வெள்ளாண்மைப் பிரியர் என்கிறது வேதம். மண்ணை நேசித்த ராஜா. பயிரையும் கிணற்றையும் பற்றி உழவர்களோடு பேசக்கூடிய மனிதராக இருந்திருப்பார்.

நம் தலைவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்தான். உழைக்கிறவர்கள், ஜெபிக்கிறவர்கள், கட்டிக் கொடுத்தவர்கள். அவர்கள் வாங்கிய பாராட்டு பொய்யான பாராட்டு இல்லை. அதனால்தான் அது ஆபத்து. பொய்ப் புகழ்ச்சியை ஓரளவு புத்தியுள்ளவர் அடையாளம் கண்டுகொள்வார். உண்மையான பாராட்டை 30 வருடம் கேட்ட மனிதர் என்ன ஆவார் என்பதற்கு உசியாவைவிட நல்ல சாட்சி வேதத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆலயத்துக்குள் போய்த் தூபம் காட்டியது அவ்வளவு பெரிய பாவமா? பக்தியில்தானே போனார்?

பக்தியில்தான் போனார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் விக்கிரகத்தின் முன் நிற்கவில்லை, யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை, யாரையும் கொல்லவில்லை. தன் வேலை அல்லாத ஒரு வேலையைக் கையில் எடுத்தார், அவ்வளவுதான்.

தூபபீடம் வெளிப்பிராகாரத்தில் இல்லை, உள்ளே பரிசுத்த ஸ்தலத்தில், திரைக்கு முன்னால் இருந்தது. காலையிலும் மாலையிலும் அங்கே தூபங்காட்டுவது ஆரோனின் வம்சத்தாருக்கு ஒதுக்கப்பட்ட ஊழியம். ராஜ்யத்தில் ராஜாவின் கை எட்டாத இடம் ஒன்று உண்டென்றால் அந்த அறைதான். அண்டை நாடுகளிலோ ராஜாவே பலிபீடத்தின் முன் நிற்பது சாதாரணமாக இருந்தது. இஸ்ரவேலில் மட்டும் செங்கோல் ஒருவர் கையிலும் தூபகலசம் வேறொருவர் கையிலும் இருந்தன. எல்லா வாசலும் திறந்துபழகிய மனிதருக்கு, திறக்காத அந்த ஒரு வாசல் கண்ணை உறுத்தியிருக்கிறது.

"நானே செய்தால் சீக்கிரம் முடியும், நன்றாகவும் இருக்கும்" என்ற எண்ணம்தான் இதன் இன்றைய வடிவம். திறமையுள்ள தலைவரிடம் பெருமை பெரும்பாலும் இந்த முகத்தோடுதான் வருகிறது. பார்ப்பவர்களுக்கு அது அர்ப்பணிப்பு மாதிரி தெரியும், அவருக்கும் அப்படித்தான் தெரியும்.

சாலொமோனும் பலியிட்டாரே, தூபம் காட்டினாரே? அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

வேதம் நன்றாகத் தெரிந்த மூப்பர் ஒருவராவது இதைக் கேட்பார், தயாராக இருங்கள். பிரதிஷ்டையின்போது சாலொமோன் பலியிட்டது பிராகாரத்தின் நடுவில். 1 இராஜாக்கள் 9:25 அவர் தூபங்காட்டியதாகவும் சொல்கிறது. ஆனால் ஆசாரியர்களைக் கொண்டு செய்வித்ததையும் ராஜா செய்ததாகவே எழுதுவது வேதத்தின் வழக்கம், "சாலொமோன் ஆலயத்தைக் கட்டினான்" என்பதுபோல. அவர் கையில் கொத்தனார் கரண்டி இருந்தது என்று நாம் நினைப்பதில்லை. உசியா யார் தடுத்தும் நிற்காமல், தானே கலசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அவர் விழ ஆரம்பித்தது எப்போது? திடீரென்று ஒரு நாள் அப்படிப் போய்விடமாட்டாரே?

நாளாகமக்காரர் ஒரே வசனத்தில் கதவைத் திறந்துகாட்டுகிறார்: "அவன் பலப்பட்டபோது, தனக்குக் கேடுண்டாகுமட்டும், அவனுடைய மனம் மேட்டிமையாகி". அதற்கு முந்தின வசனத்தின் கடைசி வார்த்தைகளைச் சேர்த்துப் படிக்கவேண்டும்: "அவன் பலப்படுமட்டும் ஆச்சரியமாய் அவனுக்கு அநுகூலமுண்டாயிற்று." உதவி கிடைத்தது, பலப்பட்டார், உதவியால் பலப்பட்டோம் என்பது மறந்துபோனது.

ஆனால் 5-ஆம் வசனத்தில் இன்னொரு துப்பு இருக்கிறது. அதை நான் வெகுநாள் கவனிக்காமலே பிரசங்கித்திருக்கிறேன். அவர் தேவனைத் தேடியது "சகரியாவின் நாட்களிலே" என்று எழுதியிருக்கிறது. சகரியா அவருக்குப் புத்திசொல்லிக்கொண்டிருந்தவர். அதன்பின் அந்த அதிகாரத்தில் சகரியாவின் பெயரே வருவதில்லை. கோபுரம் வருகிறது, துரவு வருகிறது, அம்பும் பெரிய கல்லும் எறிகிற யந்திரங்கள் வருகின்றன, கீர்த்தி வருகிறது. புத்திசொல்கிற ஒரு ஆள் மட்டும் வருவதில்லை.

இது உசியாவோடு தொடங்கிய கதையும் அல்ல. பின்னால் இரண்டு அதிகாரம் திருப்பிப் பாருங்கள். தாத்தா யோவாஸ் 7 வயதில் ராஜாவானவர். ஆசாரியனான யோய்தா உயிரோடிருந்த நாளெல்லாம் நேராக நடந்தார், ஆலயத்தைப் பழுதுபார்த்தார். யோய்தா இறந்ததும் யூதாவின் பிரபுக்கள் வந்து ராஜாவைப் பணிந்துகொண்டார்கள், ராஜா அவர்களுக்குச் செவிகொடுத்தார் என்று 24:17 சொல்கிறது. கண்டிக்கிற குரல் போன இடத்தில் கும்பிடுகிற கைகள் வந்து நின்றன. கடைசியில், தன்னை வளர்த்த அதே யோய்தாவின் மகன் எழுந்து எச்சரித்தபோது, ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொல்லச் சொன்னார்.

அப்பா அமத்சியா. ஏதோமியரை ஜெயித்துவிட்டு, தோற்றவர்களின் தெய்வங்களையே தூக்கிக்கொண்டு வந்து கும்பிட்டார். தீர்க்கதரிசி ஒருவர் வந்து, தங்கள் ஜனத்தையே காப்பாற்றாத தெய்வங்களை ஏன் நாடினீர் என்று கேட்டார். ராஜா பேச்சை முடிக்க விடவில்லை. "உன்னை ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாக வைத்தார்களா? விடு, ஏன் அடிபட்டுச் சாகவேண்டும்?" என்ற பொருளில் பேசி வாயை அடைத்தார். அந்த வேகத்திலேயே இஸ்ரவேல் ராஜாவை வம்புக்கு இழுத்து, தோற்று, எருசலேமின் மதிலை இழந்தார். எப்பிராயீம் வாசல் தொடங்கி மூலைவாசல் மட்டும் 400 முழம் இடிக்கப்பட்டது.

இப்போது 26:9-க்கு வாருங்கள். உசியா எருசலேமில் கட்டிய கோபுரங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது எங்கே இருந்தது என்று பாருங்கள். மூலைவாசலில். அப்பாவின் அகந்தை இடித்துப்போட்ட மதில் முடிகிற அதே இடத்தில்! தினமும் அந்த வழியாகப் போய்வந்திருப்பார். புதுக்கல்லுக்கும் பழைய கல்லுக்கும் நடுவில் அந்த ஒட்டு தெரிந்திருக்கும். சுவரைச் சரிசெய்தார். சுவர் ஏன் இடிந்தது என்பது மட்டும் அவருக்குள் போகவில்லை.

தாத்தா கண்டித்தவரைக் கொன்றார், அப்பா கண்டித்தவரின் வாயை அடைத்தார், மகன் கண்டித்தவர்கள்மேல் கோபப்பட்டார். மூன்று பேருமே நல்லபடியாகத் தொடங்கியவர்கள். பிரசங்கத்தில் எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இந்த இடத்திலேயே செலவழிக்கிறேன். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

ஒரு ராஜாவைத் தடுக்க 80 ஆசாரியர் எதற்கு?

பிரதான ஆசாரியன் அசரியா தனியாக உள்ளே போகவில்லை. அவரோடு 80 பேர், பராக்கிரமசாலிகள் என்று வேதம் சொல்கிற ஆட்கள், கூடவே போகிறார்கள். சகரியாவின் நாட்களில் ஒரு மனிதரின் வார்த்தை போதுமாக இருந்தது. இப்போது அதே மனிதரை நிறுத்த 81 பேர் வேண்டியிருக்கிறது.

இதைச் சபைக் கமிட்டிகளில் நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒருவர் தயங்கித்தயங்கி, தனியாக வந்து சொல்லுவார். கேட்கவில்லை. அப்புறம் இரண்டுபேர் சேர்ந்து வருவார்கள். அதையும் கேட்கவில்லை என்றால் பல வருடம் மௌனம். ஒரு நாள் பெரிய கூட்டமாக, மனுவோடு, கோபத்தோடு வந்து நிற்பார்கள். அப்போது தலைவர், "ஒருவராவது என்னிடம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மனதார வருத்தப்படுவார். சொல்லியிருப்பார்கள். அவருக்கு நினைவிருக்காது.

அவருடைய பெருமை எந்த நொடியில் வெளியே வந்தது என்று சொல்வீர்கள்?

19-ஆம் வசனத்தை மெதுவாகப் படியுங்கள். உள்ளே நுழைந்தபோது குஷ்டம் வரவில்லை. கலசத்தை எடுத்தபோதும் வரவில்லை. ஆசாரியர்கள் எதிர்த்து நின்று பேசி முடிக்கும்வரைகூட ஒன்றும் நடக்கவில்லை. "உசியா கோபங்கொண்டான்." கையில் தூபகலசத்தைப் பிடித்துக்கொண்டே ஆசாரியரோடு கோபமாய்ப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் நெற்றியில் குஷ்டம் தோன்றிற்று.

நுழைவதற்கும் நெற்றியில் தோன்றுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. கலசத்தை அசரியாவின் கையில் கொடுத்துவிட்டு, தலைகுனிந்து வெளியே வந்திருந்தால், நமக்கு இன்று உசியா மனத்தாழ்மைக்கு உதாரணமாக இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். தாவீது அவரைவிடக் கொடிய பாவம் செய்தவர். நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றபோது அவர் வாயிலிருந்து வந்தது, கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்ற ஒரே வாக்கியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரதான ஆசாரியன் நெற்றியில்தான் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்று வெட்டிய பொற்பட்டம் இருக்கும். தனக்கு உரியதல்லாத ஊழியத்தை எடுத்தவருக்கு அதே இடத்தில் வேறொன்று தோன்றியது. நெற்றியை அவராலேயே பார்க்க முடியாது. எதிரே நின்ற 81 பேருக்கும் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. தலைவனின் குறையை அவனைத் தவிர எல்லாரும் பார்க்கிற அந்த நிலையை இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்து காட்டியதில்லை.

குஷ்டத்தைத் தண்டனை என்று பிரசங்கிப்பது நோயாளிகளைப் புண்படுத்தாதா?

புண்படுத்தும். இதை அஜாக்கிரதையாகச் சொல்கிற பிரசங்கிகளைக் கேட்டு எனக்கு வேதனையாக இருந்திருக்கிறது. லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் அந்த எபிரெயச் சொல் பலவகைத் தோல்மாற்றங்களுக்கும், துணியில் படர்கிற கறைக்கும், வீட்டுச் சுவரில் தோன்றுகிற தோஷத்துக்கும்கூட வருகிறது. இன்று மருத்துவர்கள் சொல்கிற தொழுநோய் அதுதான் என்று சொல்லவே முடியாது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது, மாத்திரையால் முழுக்கக் குணமாவது. உங்கள் ஆராதனையில் அந்த நோய் கண்டு சுகமானவர் உட்கார்ந்திருக்கக்கூடும். ஆகவே ஒரு வாக்கியத்தில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே அந்த வசனத்துக்குப் போங்கள்.

அப்படியானால் பாராட்டையே ஏற்கக்கூடாதா? "எல்லாம் கர்த்தருக்கே மகிமை" என்று சொன்னால் போதுமா?

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிறோம். வரிசையாக வந்து கைகொடுத்து, "ஐயா, இன்னைக்குச் செய்தி எனக்கே பேசின மாதிரி இருந்தது" என்று சொல்லிப் போகிறார்கள். நாமும் "கர்த்தருக்கே மகிமை" என்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் வாய் அப்படிச் சொல்லும்போதே காது அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருப்பதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன். அந்த வாக்கியம் மனத்தாழ்மைக்கு அத்தாட்சி ஆகிவிடாது.

நீதிமொழிகள் 27:21 இதற்கு நல்ல உவமை தருகிறது. வெள்ளிக்குக் குகையும் பொன்னுக்குப் புடமும் எப்படியோ, மனுஷனுக்கு அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சி அப்படியே சோதனை. குகை என்பது பொற்கொல்லர் உலோகத்தை உருக்குகிற சிறிய மண்கிண்ணம். உருகும்போது கசடு மேலே மிதந்து வரும். புகழ்ச்சி வரும்போது நமக்குள்ளிருந்து என்ன மிதந்து மேலே வருகிறது என்று பார்க்கவேண்டும். இன்னொருவரைப் புகழும்போது மனம் கசக்கிறதா, இந்த வாரம் வாசலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லையா. நன்றி சொல்லிப் பாராட்டை வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்தவரை அவமதிக்கவேண்டாம். அன்று சாயங்காலம் இந்த இரண்டையும் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

எனக்கு யாரும் தவறு சொல்வதே இல்லை. உண்மையிலேயே தவறு இல்லையா, சொல்ல பயப்படுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசியாக உங்கள் தீர்மானம் ஒன்றை யார், எந்த மாதம், எந்த விஷயத்தில் "வேண்டாம்" என்றார்கள்? பெயரும் விஷயமும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்றால், சொல்ல பயப்படுகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தது ஒரு எழுத்தும் மாறாமல் திரும்பி வருவது, கமிட்டி அரைமணி நேரத்தில் முடிந்துவிடுவது, உங்கள் பிழையை வெளியூர்க்காரர் சொல்லித் தெரிந்துகொள்வது, இவையும் அறிகுறிகள்தான்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு சபையில் ஆலயக் கூரை பழுதுபார்க்கப் பணம் திரட்டினோம். ஜனங்கள் என்மேல் வைத்த அன்பினால் என் கையிலேயே கொடுத்தார்கள். ரசீது புத்தகத்தை நானே வைத்துக்கொண்டேன், கொத்தனாருக்கும் நானே கொடுத்தேன். வேலை வேகமாக நடந்தது, எல்லாரும் புகழ்ந்தார்கள். ஒரு சாயங்காலம் பொருளாளர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், அதிர்ந்து பேசாதவர். "ஐயா, ரசீது புத்தகம் என்கிட்ட இருக்கிறதுதான் முறை" என்றார். நான் உடனே, "ஏன், என்மேல் சந்தேகமா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப்பின் மூன்று மாதம் கமிட்டியில் எதைக் கேட்டாலும் "நீங்க சொன்னா சரி ஐயா" என்பதுதான் பதில். நான் அதைச் சமாதானம் என்று நினைத்து தேவனுக்கு நன்றி சொன்னேன்.

பிறகு இந்த அதிகாரத்தை ஒரு தியானக் கூட்டத்துக்காக ஆயத்தம் செய்தபோது "தூபகலசத்தைப் பிடித்துக்கொண்டு" என்ற இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. என் மேசை டிராயரில் அந்த ரசீது புத்தகம் இருந்தது. மறுநாள் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "உட்காருங்க ஐயா" என்று சொல்லி, காபி வரும்வரை ஒன்றும் பேசாமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். இரண்டு ரசீது என் நோட்டில் ஏறவில்லை. 1,500 ரூபாய். நான் எடுக்கவில்லை, கொத்தனாரிடம் கொடுத்ததை எழுத மறந்திருக்கிறேன். வருடக் கணக்கில் அது வெளியே வந்திருந்தால் என் பெயரும் போயிருக்கும், சபையின் பெயரும் போயிருக்கும். அவர் காப்பாற்றத்தான் வந்திருந்தார். நான் கலசத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன்.

சரி, இனி என்ன செய்யலாம்? திருத்துகிறவர்களை எப்படிச் சம்பாதிப்பது?

சகரியா இருக்கும்போதே இன்னொரு சகரியாவைத் தேடிக்கொள்ளவேண்டும். இரண்டு பேர் போதும். அவர்களுடைய சம்பளமோ, பிள்ளையின் பள்ளி அனுமதியோ, இடமாற்றமோ உங்கள் கையில் இருக்கக்கூடாது. நான் வைத்திருக்கிற இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆயர், மற்றவர் கோயில்குட்டியாராக இருந்து வேலையை விட்டவர். அவரைக் கேட்டபோது, "நானா ஐயா உங்களுக்குச் சொல்றது?" என்று கூச்சப்பட்டார். ஆனால் 20 வருடம் ஆலயத்தைத் திறந்து பூட்டிய மனிதருக்குத் தெரிகிறது எனக்குத் தெரியாது.

"செய்தி எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். அதற்கு "நல்லா இருந்தது" என்ற ஒரே பதில்தான் உண்டு. "இன்னைக்கு எந்த இடத்தில் ஜனங்கள் வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள்?", "இந்த மாதம் நான் யாரிடம் கடுமையாகப் பேசினேன்?" என்று கேளுங்கள். கேள்விக்குள்ளேயே தவறு இருப்பதாக ஒத்துக்கொண்டால்தான் எதிரே இருப்பவருக்கு வாய் திறக்கும். முதல்முறை சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லி உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். கோயில்குட்டியார் எனக்கு முதலில் சொன்னது, நான் திருவிருந்து கொடுக்கும்போது முன்வரிசைக்காரர்களின் முகத்தைப் பார்க்கிறேன், பின்வரிசையில் இருந்து வருகிறவர்களைப் பார்ப்பதில்லை என்பது. சின்ன விஷயம் என்றா சொன்னேன்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சொன்னதும் விளக்கம் கொடுக்காதீர்கள். விளக்கம் நியாயமாகவே இருந்தாலும் அன்று வேண்டாம். "சொன்னதுக்கு நன்றி, யோசிக்கிறேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் அவரிடமே போய், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். ஏற்கவில்லை என்றாலும் போய்ச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் அடுத்தமுறை அவர் வாய் திறக்கமாட்டார்.

குறை சொல்கிறவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு சொல்வதில்லையே?

இல்லைதான். பதவிக்காகச் சொல்பவர் உண்டு, பழைய கணக்கைத் தீர்க்கச் சொல்பவர் உண்டு. ஆனாலும் சொன்னவரின் நோக்கத்தை ஆராய்வதற்கு முன்னால் சொன்ன விஷயம் உண்மையா என்று பாருங்கள். "என்மேல் சந்தேகமா?" என்று நான் கேட்டபோது, ரசீதைப் பற்றிய பேச்சை அவருடைய மனதைப் பற்றிய பேச்சாக மாற்றிவிட்டேன்.

நாங்கள் கீழே வேலை செய்கிறவர்கள். எங்கள் தலைவரிடம் எப்படிச் சொல்வது?

அசரியா சொன்ன வார்த்தைகளைப் படித்துப் பாருங்கள். பெயர் சொல்லி அழைக்கிறார். இந்த வேலை உமக்கு அடுத்ததல்ல என்கிறார், யாருக்கு அடுத்தது என்றும் சொல்கிறார். வெளியே போம் என்று அடுத்து செய்யவேண்டியதைச் சொல்கிறார். இதனால் உமக்கு மேன்மை வராது என்று, ராஜாவின் நன்மையையும் எடுத்துச் சொல்கிறார். ராஜாவின் இத்தனை வருட ஆட்சியில் நடந்த வேறு எதையும் கிளறவில்லை. பழைய மனத்தாங்கல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் கொட்டினால், கேட்பவர் அதில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவார்.

குஷ்டம் கண்டவுடன் அவரை வெளியே கொண்டுபோனார்கள், அவரும் வெளியே போகத் தீவிரப்பட்டார் என்று வேதம் சொல்கிறது. ஆசாரியர்கள் அங்கே கைதட்டவில்லை. நீங்கள் சொன்னது சரி என்று நிரூபணமாகும் நாளில் தலைவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போகிற கை உங்களுடையதாக இருக்கட்டும். இன்னொன்று: உங்கள் வேலை போகக்கூடும், அதை நான் மறைக்கமாட்டேன். தனியாகப் போகவேண்டாம்.

பிரசங்கத்தை எப்படி முடிக்கிறீர்கள்? தனி வீட்டில் கிடந்து செத்தார் என்று முடித்தால் கேட்பவர்கள் நொந்துபோவார்களே?

சாகிற நாள்மட்டும் உசியா ஒரு தனி வீட்டில் இருந்தார், கர்த்தருடைய ஆலயத்துக்குப் புறம்பாக்கப்பட்டிருந்தார், அரண்மனைக் காரியங்களை மகன் யோதாம் பார்த்தார். அதை மெதுவாகச் சொல்லி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பிறகு யோதாமிடம் போங்கள். அடுத்த அதிகாரம் அவரைப் பற்றித் தன் தகப்பன் செய்தபடியெல்லாம் செம்மையானதைச் செய்தார் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் அவர் ஆலயத்துக்குள் பிரவேசிக்கவில்லை என்று ஒரு வரி சேர்க்கிறது. நான்கு தலைமுறையில் அந்தச் சுவர் ஏன் இடிந்தது என்று கற்றுக்கொண்ட முதல் ஆள் அவர்.

அதற்குப்பின் ஏசாயா 6-ஐத் திறந்து வாசியுங்கள். உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில் நடந்தது அது. ஆலயத்தில் வேறொரு ராஜா சிங்காசனத்தில் உயர வீற்றிருக்கிறார், வீடு புகையினால் நிறைகிறது. உசியா கையால் காட்டப்போன புகை இங்கே யாரும் காட்டாமலே எழும்புகிறது. உள்ளே நிற்கிற ஏசாயா எதையும் கையில் பிடித்திருக்கவில்லை. "ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்கிறார். நெற்றியைப் பற்றியல்ல, தன் ஊழியத்துக்கே கருவியான உதடுகளைப் பற்றிச் சொல்கிறார். பலிபீடத்திலிருந்து குறட்டால் ஒரு நெருப்புத்தழலை எடுத்துக்கொண்டு சேராபீன் பறந்து வந்து, அவர் வாயைத் தொடுகிறான். அந்த வசனத்தை வாசித்துவிட்டு நான் வேதத்தை மூடிவிடுவேன். விளக்கம் எதுவும் சொல்வதில்லை, ஜெபத்துக்குப் போய்விடுகிறோம்.